மேலிடத்துக்கு மெயில்: அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்பவை

குரூப் 4-ல் தேர்வாகி பி.டி.ஓ. ஆபீஸில் இளநிலை உதவியாளராச் சேர்ந்திருக்கேன். மேலே இருக்கிறவங்களுக்கு மெயில் போடும்போது எவ்வளவு மரியாதை வைக்கணும்னு ஒரு அளவு இருக்கா?

இருக்கிறது. தமிழ் மெயிலில் மரியாதை உட்காரும் இடங்கள் நாலைந்துதான். முதலில் வரும் ‘ஐயா’ அல்லது ‘அம்மையீர்’. ‘தாங்கள், தங்கள்’ என்ற சொற்கள். பதவிப் பெயருக்குப் பின்னால் வரும் ‘அவர்கள்’. வாக்கியத்தை முடிக்கும் வினை. இந்த இடங்களில் குறை வைக்காமல் எழுதிவிட்டால், நடுவில் இருக்கும் செய்தியை எந்தச் சுற்றும் இல்லாமல் நேராகச் சொல்லலாம். அதற்காக எந்த அதிகாரியும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. செய்தியைப் பத்து வரிக்கு இழுத்துக் குழைத்துவிட்டு, கடைசியில் ‘உடனே பார்த்து அனுப்பவும்’ என்று முடிக்கிறார்கள். குழைய வேண்டிய இடம் அந்தக் கடைசிச் சொல்தான். நேராக இருக்க வேண்டியது அந்தப் பத்து வரி.

நான் மாவட்ட அலுவலகத்தில் தபால் பார்த்தவன். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வருகிற மெயில்களைத் திறந்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது என் வேலையாக இருந்தது. மரியாதை குறைந்து வந்த மெயில்கள் சில உண்டு. மரியாதை கூடிப்போய் என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் வந்தவை அதைவிட அதிகம்.

துணை பி.டி.ஓ. சார் நேத்து மாவட்டத்துக்கு அனுப்பின அறிக்கையில் கூட்டல் தப்பா இருக்கு. அவர் தப்புன்னு நான் எப்படி எழுதுறது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் முழுசாகவே பார்ப்போம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடைக் குடிநீர்ப் பணிகள் அறிக்கை. பழுதான சிறு மின்விசைப் பம்புகள் எத்தனை என்று ஊராட்சிவாரியாகப் பட்டியல், கீழே கூடுதல். துணை வட்டார வளர்ச்சி அலுவலர் தானே உட்கார்ந்து கூடுதலைக் கையால் அடித்து, மாலை 4.40-க்கு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை நீங்கள் பார்க்கிறீர்கள். கூடுதல் 87 என்று இருக்கிறது. பட்டியலில் =SUM போட்டால் 78 வருகிறது. திட்ட இயக்குநரின் ஆய்வுக் கூட்டம் 11 மணிக்கு.

(ஒரு சின்ன விஷயம்: இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கணக்குப் பிரிவு ஆட்களின் வழக்கம் இது. 87, 78 அப்படித்தான்.)

பலர் முதலில் எழுதுவது இது:

> சார், நீங்கள் நேற்று அனுப்பிய அறிக்கையில் தவறு உள்ளது. 87 இல்லை, 78. உடனே திருத்தி அனுப்பவும்.

செய்தி சரி. ஆனால் ‘நீங்கள்’, ‘தவறு’ இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்ததும், பேச்சு கணக்கைப் பற்றியது என்பது போய் ஆளைப் பற்றியதாகிவிட்டது. ‘திருத்தி அனுப்பவும்’ என்பது மேலிருந்து கீழே வரும் உத்தரவின் குரல். போதாக்குறைக்கு, திருத்த வேண்டிய வேலையையும் அவர் தலையிலேயே கட்டியிருக்கிறீர்கள்.

இதற்குப் பயந்து வேறு சிலர் எழுதுவது:

> பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவான வணக்கங்கள். தங்களது இடைவிடாத பணிச்சுமைக்கு நடுவிலும் அறிக்கையினைச் சிறப்பாகத் தயாரித்து அனுப்பியமைக்கு நன்றி. அதில் ஓரிரு விவரங்கள் குறித்து எனக்குச் சிறு ஐயம் எழுந்துள்ளது. எனது புரிதல் தவறாகவும் இருக்கலாம். தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது ஒருமுறை பார்வையிட்டால் நன்றாக இருக்கும் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதில் 87-உம் இல்லை, 78-உம் இல்லை, 11 மணியும் இல்லை. அவர் காலையில் ஜீப்பில் போகும்போது போனில் முதல் இரண்டு வரியைப் பார்ப்பார். வணக்கம் சொல்கிறான் பையன் என்று நினைத்து மூடிவிடுவார். கூட்டத்தில் திட்ட இயக்குநர் கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்புறம் ‘உனக்கு முன்னாடியே தெரியுமில்ல?’ என்று உங்களிடம் வருவார். ‘மெயில் போட்டேன் சார்’ என்பது அந்த நேரத்தில் எடுபடாது. ‘நேரம் கிடைக்கும்போது’ என்று எழுதியதும் நீங்கள்தான்.

எழுத வேண்டியது இப்படி:

> பொருள்: கோடைக் குடிநீர் அறிக்கை – சிறு மின்விசைப் பம்புகள் கூடுதல் 87 / 78 – திருத்திய அறிக்கை தங்கள் ஒப்புதலுக்கு – இன்று காலை 10.30-க்குள்
>
> ஐயா,
>
> வணக்கம். நேரில் தெரிவித்தவாறு, நேற்று மாவட்ட அலுவலகத்துக்குச் சென்ற அறிக்கையில் பழுதான சிறு மின்விசைப் பம்புகளின் கூடுதல் 87 என உள்ளது. ஊராட்சிவாரிப் பட்டியலின் கூடுதல் 78 வருகிறது. ஊராட்சிவாரி எண்களில் மாற்றம் இல்லை.
>
> திருத்திய அறிக்கையும், மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சல் வரைவும் இணைத்துள்ளேன். 11 மணி ஆய்வுக் கூட்டத்துக்கு முன் சேர வேண்டியிருப்பதால், தாங்கள் ஒப்புதல் அளித்தால் 10.30-க்குள் அனுப்பிவிடுகிறேன்.

‘தவறு’ என்ற சொல்லே வரவில்லை, ஆனால் தவறு என்ன என்பது முதல் வரியிலேயே தெரிகிறது. ‘87 என உள்ளது’, ‘78 வருகிறது’. இரண்டு வாக்கியத்திலும் ஆள் கிடையாது. ‘அறிக்கை சென்றது’ என்று எழுதினால் போதும், அனுப்பியது யார் என்று இருவருக்குமே தெரியும். ‘ஊராட்சிவாரி எண்களில் மாற்றம் இல்லை’ என்ற ஒரு வரிக்குத் தனி மதிப்பு உண்டு. பட்டியல் முழுவதும் குளறுபடியோ என்ற பதற்றத்தை அது எடுத்துவிடுகிறது. மரியாதை ‘ஐயா’, ‘தங்கள் ஒப்புதலுக்கு’, ‘தாங்கள் ஒப்புதல் அளித்தால்’ என்ற மூன்று இடத்தில் இருக்கிறது. முடிவு அவர் கையில் இருப்பதாகவே மெயில் சொல்கிறது, வேலை உங்கள் கையில் முடிந்திருக்கிறது.

பொருள் வரியில் இரண்டு எண்ணையும் நேரத்தையும் போட்டதைக் கவனியுங்கள். போனில் மெயிலைத் திறக்காமலே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். பொருள் வரியில் ‘ஐயா’, ‘பணிவுடன்’ எதுவும் வேண்டாம். அங்கே ‘தங்கள்’ என்ற ஒரு சொல்லே போதும்.

‘நேரில் தெரிவித்தவாறு’ன்னு போட்டிருக்கீங்க. நேர்லயே சொல்லிட்டா அப்புறம் மெயில் எதுக்கு?

நேரில் சொல்வது அவருக்காக. மெயில் கோப்புக்காக.

நம் அலுவலகங்களில் ஒரு பிழையை முதன்முதலாக மெயிலில் சொல்வது, எவ்வளவு பணிவாகச் சொன்னாலும், ஆதாரம் சேர்ப்பது போலத்தான் படும். அவர் இருக்கைக்குப் போய், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, ‘சார், அந்தப் பம்ப் கூடுதல் ஒரு தடவை பார்த்துடுறீங்களா, எனக்கு 78 வருது’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். முகாமுக்குப் போயிருந்தால் போன். ‘ஆமாப்பா, மாத்தி அனுப்பிடு’ என்பார். அதன் பிறகு போகும் மெயிலில் ‘நேரில் தெரிவித்தவாறு’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும், இவன் முதலில் நம்மிடம்தான் சொன்னான் என்பது அவருக்கும், நாளைக்கு அந்த மெயிலைப் படிக்கிற வேறு யாருக்கும் தெரியும்.

பேசாமலே ‘நேரில் தெரிவித்தவாறு’ என்று போடாதீர்கள். ‘எப்போ சொன்னே?’ என்று அவர் எல்லோர் முன்னாலும் கேட்டால் பதில் இருக்காது.

மாவட்டத்துக்குப் போற திருத்தத்தை நான்தான் டைப் பண்றேன், ஆனா பி.டி.ஓ. பேர்ல போகுது. என் பணிவை எழுதணுமா, அவர் பணிவையா?

அவருடையதை. அலுவலக மெயில் முகவரி ஒன்றுதான், கடவுச்சொல் பெரும்பாலும் உங்களிடம் இருக்கும். ஆனால் அந்த முகவரியிலிருந்து போகிற ஒவ்வொரு சொல்லும் அதிகாரி பேசுவது. வட்டார வளர்ச்சி அலுவலர் திட்ட இயக்குநரிடம் பேசும் குரல், இளநிலை உதவியாளர் பேசும் குரலைவிட நிமிர்ந்து இருக்கும். ‘அடியேன்’, ‘பணிவன்புடன்’, ‘மன்னித்தருள’ என்று அவர் பெயரில் நீங்கள் எழுதினால், அவருக்கு அது மரியாதைக் குறைவு.

மேலே சொன்ன வழக்குக்கு வரைவு:

> ஐயா,
>
> பார்வையில் காணும் மின்னஞ்சலில் அனுப்பப்பட்ட அறிக்கையில், பழுதான சிறு மின்விசைப் பம்புகளின் கூடுதல் 78 என்பதற்குப் பதிலாக 87 எனத் தட்டச்சாகியுள்ளது. ஊராட்சிவாரி விவரங்களில் மாற்றம் இல்லை. திருத்திய அறிக்கை இணைத்தனுப்பப்படுகிறது. முந்தைய அறிக்கைக்குப் பதிலாக இதனை ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

‘தட்டச்சாகியுள்ளது’ என்று சொல்ல, அது உண்மையிலேயே தட்டச்சுப் பிழையாக இருக்க வேண்டும். இங்கே அப்படித்தான், இலக்கம் இடம் மாறியிருக்கிறது. ஓர் ஊராட்சி செயலர் பழுதில்லாத பம்பையும் சேர்த்துக் கணக்குக் கொடுத்திருந்தால் அதைத் தட்டச்சுப் பிழை என்று மூடக் கூடாது. ‘மறு ஆய்வில் 78 எனத் தெரியவந்துள்ளது’ என்று எழுதுங்கள்.

கையொப்ப இடத்தில் பதவியை முழுசாகப் போடுங்கள். ஒரே ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருக்கிறார்கள், ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. அடைப்புக்குள் (வ.ஊ) அல்லது (கி.ஊ) விட்டுப்போனால், மாவட்டத்தில் யாருக்குப் பதில் போடுவது என்று தெரியாமல் மெயில் ஒரு நாள் கிடக்கும். சில சமயம் இன்னொரு அதிகாரிக்குப் போய், ‘எனக்குத் தெரியாமல் என் பெயரில் யார் அனுப்பியது’ என்று கேள்வி வரும்.

‘அனுப்பவும்’னு எழுதினதுக்கு மேலாளர் திட்டினார். அதில் என்ன தப்பு? மரியாதையாத்தானே இருக்கு?

கேட்க மரியாதையாக இருக்கிறது, திசைதான் தப்பு. ‘-வும்’ என்று முடிவது கீழ்நோக்கிப் போகும் வினை. மாவட்டம் வட்டாரத்துக்கு எழுதும், ‘இன்று மாலை 5 மணிக்குள் அனுப்பவும்’. வட்டாரம் ஊராட்சிச் செயலருக்கு எழுதும். நீங்கள் மேலாளருக்கு எழுதும்போது அதே வினையைப் போட்டால், மேலிருந்து வந்த மெயிலைக் காப்பி அடித்து அப்படியே திருப்பி அனுப்பியது போல இருக்கும். பல நேரம் நடப்பதும் அதுதான்.

மேல்நோக்கி ‘அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ போதும். சமநிலையில் இருக்கும் அலுவலகத்துக்கும் இதுவே செல்லும். ‘பணிந்து’, ‘பணிவுடன்’ என்பதை ஒரு மெயிலில் ஒரு முறை போட்டால் மதிப்பு. விடுப்பு, இடமாறுதல், முன்பணம் போல உங்களுக்காக நீங்கள் கேட்பதில் அது இயல்பாகப் பொருந்தும். அலுவல் விவரம் அனுப்பும் மெயிலில் அதுகூடத் தேவையில்லை.

இன்னும் இரண்டு வினைகளை மேலே அனுப்பவே கூடாது: ‘அறிவுறுத்தப்படுகிறது’, ‘எச்சரிக்கப்படுகிறது’. சிரிக்காதீர்கள். திட்ட இயக்குநருக்கு ‘இதனைக் கவனத்தில் கொள்ள அறிவுறுத்தப்படுகிறது’ என்று ஒரு வட்டாரத்திலிருந்து வந்த மெயிலை நானே பிரித்துக் கொடுத்திருக்கிறேன். எழுதியவருக்கு அது ஒரு கம்பீரமான முடிவு என்று மட்டும்தான் தெரிந்திருக்கும்.

தாங்களா, நீங்களா? அவர்கள் எங்கே போடணும், எங்கே போடக்கூடாது?

மேலே எழுதினால் ‘தாங்கள்’. ஆனால் தொடங்கினால் கடைசிவரை அதுவே. முதல் வரியில் ‘தங்கள் கவனத்திற்கு’, நாலாவது வரியில் ‘நீங்கள் சொன்னபடி’ என்று வந்தால் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும்.

‘தங்கள்’ ஓர் இடத்தில் காலை வாரும். ‘கண்காணிப்பாளர் தங்கள் கோப்பைத் திருப்பி அனுப்பியுள்ளார்’ என்றால் கோப்பு கண்காணிப்பாளருடையதா, படிக்கிறவருடையதா? அந்த இடத்தில் கோப்பின் ந.க. எண்ணைப் போட்டுவிட்டால் மரியாதையும் கெடாது, குழப்பமும் இல்லை.

‘அவர்கள்’ பதவிக்குப் பின்னால் வந்தால் வினையும் பன்மையில் போக வேண்டும்: ‘மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள் ஆய்வு செய்தார்கள்’. அதே மெயிலில் உங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லும்போது ‘மேலாளர் தெரிவித்தார்’ போதும். எல்லோருக்கும் ‘அவர்கள்’ போட்டால் ஆட்சியருக்குப் போட்டதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். உங்கள் பெயருக்கு முன்னால் ‘திரு.’வோ பின்னால் ‘அவர்கள்’ளோ வேண்டாம். பழைய மெயிலைக் காப்பி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும்போது இது நடக்கும்.

அதிகாரி பெண். ‘ஐயா/அம்மையீர்’னு போடுறேன். சரியா?

யார் என்று தெரியாதபோது சரி. அவரைத் தினமும் நேரில் பார்த்து ‘மேடம்’ என்று அழைத்துக்கொண்டு, மெயிலில் சாய்கோடு போட்டால், மாதிரிப் படிவத்தைப் பூர்த்தி செய்யாமல் அனுப்பியதாகத் தெரியும். ‘அம்மையீர்’ என்று எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தில் ‘அம்மா’ வழக்கம் என்றால் அதுவும் நல்லது. இடமாறுதல் ஆனதும் பழைய வரைவுகளில் ‘ஐயா’ அப்படியே நின்றுவிடும், அதைப் பாருங்கள்.

Cc-யில் யாரைப் போடணும்? திருத்தம் அனுப்பும்போது மாவட்டத்தையும் சேர்த்துட்டா ஒரே வேலையா முடியுமே?

முடியும், உங்கள் துணை பி.டி.ஓ.வோடு உறவும் முடியும்.

அவருடைய பிழையைச் சொல்லும் முதல் மெயிலில் To அவர் மட்டும், Cc காலி. அவர் ஒப்புதல் தந்த பிறகு போகும் திருத்தத்தில் To மாவட்டம், Cc-யில் அவர். இந்த வரிசையில் போனால், மாவட்டத்தின் கண்ணுக்கு அலுவலகமே தன் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியது. முதல் மெயிலிலேயே மாவட்டத்தைச் சேர்த்தால், அலுவலகத்துக்குள் ஒரு இளநிலை உதவியாளர் தன் அதிகாரியைப் பிடித்துக்கொடுத்ததாகத் தெரியும். வாக்கியங்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் சரி.

மேலிருந்து பத்து ஒன்றியங்களுக்கும் சேர்த்து வந்த மெயிலுக்குப் பதில் போடும்போது Reply all அழுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஏரியூர் பதிலைக் கடத்தூர் படிக்க வேண்டியதில்லை. Bcc பற்றி எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்: உள் அலுவலக மெயிலில் அது வேண்டாம். இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் யாராவது பதில் போட்டு வெளியே வரும்.

சார் ‘87-ஏ இருக்கட்டும், விடு’ன்னுட்டார். இப்ப என்ன பண்றது?

முதலில் காரணம் கேளுங்கள், குற்றம் சாட்டும் தொனியில் இல்லாமல். சில நேரம் உண்மையான காரணம் இருக்கும். பட்டியல் தயாரான பிறகு ஒன்பது பம்புகள் பழுதாகி, தகவல் அவருக்கு மட்டும் போனில் வந்திருக்கலாம். அப்படியென்றால் கூடுதல் சரி, பட்டியல்தான் பழையது. அந்த ஒன்பதையும் ஊராட்சிவாரியாகச் சேர்த்துக்கொடுங்கள், முடிந்தது.

காரணம் எதுவும் சொல்லாமல் ‘விடு’ என்றால், அந்த எண்ணை வைத்துப் பழுது நீக்கப் பணம் ஒதுக்குவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஒன்பது பம்புகளுக்கு இல்லாத வேலை காட்ட வேண்டிவரும். இந்த இடத்தில் இதமாகச் சொல்வது உதவாது. அவருக்கு மட்டும் ஒரு மெயில்:

> ஐயா,
>
> பழுதான சிறு மின்விசைப் பம்புகளின் கூடுதல், இன்று காலை தாங்கள் வாய்மொழியாக அளித்த உத்தரவின்படி 87 என்றே வைக்கப்பட்டுள்ளது. ஊராட்சிவாரிப் பட்டியலின் கூடுதல் 78. வேறுபாடு 9-க்கான ஊராட்சி விவரம் கிடைத்தால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

இதில் எதிர்ப்பு ஒரு சொல்கூட இல்லை. ஆனால் உத்தரவு யாருடையது, எண்கள் எவை என்பது பதிவாகிவிட்டது. இப்படி ஒரு மெயில் போனதும் பலர் ‘சரி, மாத்திடு’ என்பார்கள். அப்படியும் மாறவில்லை என்றால் அடுத்து அலுவலகக் குறிப்புக் கோப்பில் அதே இரண்டு எண்ணையும் எழுதி, வழக்கமான வழியில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு வையுங்கள். மாவட்டத்துக்கு நேராக மெயில் போடுவது, இவை இரண்டும் முடிந்த பிறகு யோசிக்க வேண்டியது.

நான் நேரடி நியமனத்தில் வந்த அதிகாரி, வயசு 28. என் கண்காணிப்பாளருக்கு 56. அவருக்கு எப்படி எழுதுவது?

‘அனுப்பவும்’ என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அவருக்கு ‘அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுங்கள். ஒரு சொல்தான் வித்தியாசம், அவர் அதைக் கவனிப்பார். ‘நீங்கள்’ போதும், ‘தாங்கள்’ வேண்டாம். மேலதிகாரி ‘தாங்கள்’ என்று எழுதினால் கிண்டலோ என்று சந்தேகம் வரும். நேரில் ‘அண்ணா’ என்று கூப்பிட்டாலும் மெயிலில் உறவுமுறை வேண்டாம், ‘சார்’ போடலாம்.

காலக்கெடுவை மட்டும் வயதுக்காக மழுப்பாதீர்கள். ‘முடிந்தால் இன்றைக்குள்’ என்று எழுதினால் அவர் அதை நாளைக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார், அதில் அவர் தப்பு இல்லை. ‘இன்று மாலை 4 மணிக்குள் தேவைப்படுகிறது’ என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி சேருங்கள். கீழ்நோக்கி எழுதுகிறவர்கள் காரணம் சொல்வதே இல்லை. வயதில் மூத்த ஊழியருக்கு ‘தயவுசெய்து’வைவிட அந்தக் காரணம்தான் மரியாதையாகப் படும்.

ஒரு விவரம் கேட்டுத்தான் மெயில் போட்டேன். உதவியாளர் பயந்துபோய் நேரில் வந்து நின்றார். என்ன நடந்தது?

மெயிலில் ‘விளக்கம்’ என்று எழுதியிருப்பீர்கள். ‘இது குறித்து விளக்கம் அளிக்கவும்’ என்பது அரசு ஊழியர் காதில், ஒழுங்கு நடவடிக்கையின் முதல் படி. தமிழ்நாடு குடிமைப் பணி (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் வரும் 17(அ), 17(ஆ) அவருக்கு உடனே ஞாபகம் வரும். உங்களுக்கு வேண்டியது கணக்கு என்றால் ‘விவரம் அனுப்பவும்’ என்று எழுதுங்கள். புரியவில்லை என்றால் ‘இந்த 9 எப்படி வந்தது என்று தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். உண்மையிலேயே விளக்கம் கேட்க வேண்டிய நாளுக்கு அந்தச் சொல்லை வைத்திருங்கள். அன்றைக்கும் அது குறிப்பாணையில் போக வேண்டியது, பத்து பேர் Cc-யில் இருக்கும் மெயிலில் அல்ல.

மேலதிகாரி பதிலே போடல. அவருக்கு ‘நினைவூட்டு’ அனுப்பலாமா?

‘நினைவூட்டு – 1’ என்று தலைப்பிட்டு மேலே அனுப்ப வேண்டாம், அது கீழ்நோக்கிப் போகிற கருவி. பழைய மெயிலிலேயே பதிலாக இரண்டு வரி போடுங்கள், புதிதாக ஒன்றைச் சொல்லி: ‘நாளை காலை 11 மணிக்கு மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டியுள்ளது. தங்கள் ஒப்புதல் கிடைத்ததும் அனுப்பிவிடுகிறேன்.’ அவரைத் தள்ளுவது அந்த 11 மணிதான், நீங்கள் அல்ல.

‘பதில் வராவிட்டால் ஒப்புதல் என எடுத்துக்கொள்கிறேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தனியார் கம்பெனிகளில் இது செல்லுபடியாகலாம். இங்கே அவர் பேசாமல் இருப்பதற்கு நீங்களே அர்த்தம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

நான் ஓசூரில் தனியார் கம்பெனி. மேனேஜர் பெங்களூரில் இருக்கார், பேர் சொல்லியே எழுதச் சொல்றார். கூச்சமா இருக்கு.

அவருக்கு மட்டும் போகிற மெயிலில் பெயரையே எழுதுங்கள். அவர் சொன்ன பிறகும் ‘சார்’ என்று தொடர்ந்தால் விலகி நிற்பதாக நினைக்கக்கூடும். உள்ளூர் பிளான்ட் மேலாளர் Cc-யில் இருந்து, அவரை எல்லோரும் ‘சார்’ என்று அழைத்தால், அந்த மெயிலில் பெயரையும் ‘சார்’ஐயும் கலக்காமல் ‘அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கிவிடலாம். மற்றபடி மேலே பம்பு கணக்குக்குச் சொன்ன அமைப்பு அங்கும் செல்லும்: பொருள் வரியில் எண், முதல் வரியில் வேறுபாடு, இணைப்பில் திருத்தியது, முடிவு அவரிடம். அங்கே ‘தாங்கள்’ மட்டும் தேவைப்படாது.